ஒரு டம்ளரும் ஏழு வாரப் பாலும்: குமரி மலையோரத்தில் தரவு ஏரியும் தரவுக் கிடங்கும்

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், குலசேகரம், அருமனை, திருவட்டாறு சுற்றுவட்டாரத்தில், சிறு தோட்டக்காரர்களிடம் ரப்பர் பால் வாங்கும் ஒரு நிறுவனத்தில் நடந்த விஷயம் இது. ஐந்து கொள்முதல் மையங்கள், ஏறக்குறைய 260 தோட்டக்காரர்கள். வாங்கிய பாலை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, ஷீட்டாக்கி ஸ்மோக் ஹவுஸில் உலர்த்துகிறார்கள். கணக்குத் தரவுகளை ஒழுங்குபடுத்த 2022 ஆகஸ்டிலிருந்து நான் அங்கே பகுதி நேரமாக வேலை செய்தேன்.

ரப்பர் பாலுக்கு விலை போடும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பாலின் எடைக்குப் பணம் இல்லை. பாலில் உள்ள உலர் ரப்பருக்குத்தான் பணம். பாலில் அது எத்தனை சதவீதம் என்பதை டி.ஆர்.சி. என்பார்கள். பெரும்பாலும் முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையில் நிற்கும். மையத்தில் அதை அளக்க மெட்ரோலாக் என்ற மிதவைமானி இருக்கிறது. ஒரு பங்கு பாலில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, மெட்ரோலாக்கை மிதக்க விட்டு, காட்டும் அளவை மூன்றால் பெருக்குவார்கள். இங்கே வைத்திருந்தது அளவை நேரே சதவீதத்தில் காட்டும் வகை. இரண்டு நிமிட வேலை.

துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் ஆய்வக முறை. பத்து கிராம் பாலை ஆசிட்டில் உறைய வைத்து, மெல்லிய தகடாக அழுத்தி, 70 டிகிரியில் உலர்த்தி எடை போட வேண்டும். மறுநாள்தான் விடை வரும். நிறுவனம் மையத்துக்கு வாரம் இரண்டு மாதிரி வீதம் இப்படிச் சோதித்து வந்தது. அந்தப் பதிவுகளை யாரும் எதற்கும் எடுத்துப் பார்த்ததில்லை. இந்த நிகழ்வே கடைசியில் அந்தப் பதிவுகளைச் சுற்றித்தான் வந்து நிற்கிறது.

முதல் எட்டு மாதம்: எல்லாம் ஏரிக்குள்

நான் போவதற்கு முன்பே மென்பொருள் விற்ற ஒருவர் முதலாளியிடம் 'டேட்டா லேக்' என்று ஒன்றைப் பரிந்துரைத்திருந்தார். தரவு ஏரி. எதையும் மாற்றாமல், வந்த வடிவத்திலேயே இணையச் சேமிப்பகம் ஒன்றில் கொட்டி வைப்பது. அட்டவணையாக இருக்க வேண்டியதில்லை. எக்செல், படம், ஜேசன் எனப்படும் எழுத்து வடிவக் கோப்பு எது வந்தாலும் ஏற்கும். எப்படிப் படிப்பது என்பதை எடுக்கும்போது யோசித்துக்கொள்ளலாம். 2010-இல் ஜேம்ஸ் டிக்ஸன் என்பவர் இந்தப் பெயரைப் பயன்படுத்தினார், அது நிலைத்துவிட்டது.

போட்டு வைக்கிற அளவில் அது நன்றாகவே வேலை செய்தது. மையத்தில் பால் நிறுக்கும்போது டேப்லெட்டில் பதிவு செய்தால் ஒரு சீட்டுக்கு ஒரு ஜேசன் கோப்பு போய் விழும். கைச்சீட்டின் படமும் போகும். சனிக்கிழமை தோறும் ஆய்வகப் பதிவேடு போகும். வண்டி ஓடிய விவரம், ஸ்மோக் ஹவுஸ் வெப்பநிலை எல்லாம் போகும். ஒரு நாளைக்கு 150 சீட்டு என்று வைத்தாலும் படங்களோடு சேர்த்து ஆண்டுக்கு 15 ஜிபி தாண்டவில்லை. வாடகை மாதம் சில பத்து ரூபாய்.

சிக்கல் கேள்வி கேட்டபோது வந்தது. 2023 மார்ச்சில் முதலாளி சாதாரணமாக ஒன்று கேட்டார்: "போன மாசம் எத்தனை கிலோ உலர் ரப்பருக்குப் பணம் கொடுத்திருக்கோம்?" கணக்காளர் 61,240 என்றார். நான் ஏரியிலிருந்து எடுத்த கணக்கு 63,105. மையப் பொறுப்பாளர்கள் அனுப்பிய தாள்களைக் கூட்டினால் 59,870.

மூன்றும் ஏன் வேறுபட்டன என்று கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது. ஒரு சீட்டைத் திருத்தும்போது டேப்லெட் புதுக் கோப்பை அனுப்பும். பழையதும் ஏரியிலேயே கிடக்கும். நான் இரண்டையும் கூட்டியிருந்தேன். ஒரு மையம் தன் தாளில் பேரல் எடையைக் கழித்த எடையை எழுதியது. இன்னொன்று கழிக்காத எடையை எழுதியது. இரண்டுக்கும் மேலே 'எடை' என்றுதான் தலைப்பு. கணக்காளர் பணம் கொடுத்த தேதியை வைத்து மாதம் பிரித்தார். மற்றவர்கள் பால் வாங்கிய தேதியை வைத்துப் பிரித்தார்கள். பணம் கொடுப்பது சனிக்கிழமை என்பதால் மாதக் கடைசியில் நான்கைந்து நாள் கணக்கு இங்கேயும் அங்கேயும் போகும்.

யாரும் தப்பாக எழுதவில்லை. 'எடை' என்றால் என்ன, 'மாதம்' என்றால் என்ன, திருத்திய சீட்டில் எது செல்லும் என்று முன்கூட்டியே யாரும் சொல்லி வைக்கவில்லை. ஏரி அதைக் கேட்கவும் கேட்காது. கேட்காமல் வாங்கிக்கொள்வதுதான் அதன் இயல்பு.

கிடங்கு கட்டிய முடிவு

முதலாளிக்குக் கோபம். "இத்தனை மாசம் போட்டு வெச்சதை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு, ஒழுங்கா ஒரு அட்டவணை மட்டும் வையுங்க" என்றார். அவர் கேட்டதில் பாதி சரி. கொள்முதல் கணக்குக்குத் தேவைப்பட்டது தரவுக் கிடங்கு: என்னென்ன கேள்வி வரும் என்பதை முதலில் முடிவு செய்து, அதற்கேற்ற அட்டவணை கட்டி, அந்த வடிவத்துக்குப் பொருந்துவதை மட்டும் உள்ளே விடுவது. ஏரியில் படிக்கும்போது வடிவம் கொடுக்கிறோம். கிடங்கில் எழுதும்போதே கொடுத்துவிடுகிறோம்.

ஏப்ரலில் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளை வைத்துக் கட்டினோம். இந்த அளவு வேலைக்கு அதுவே தாராளம். அதிக நேரம் எடுத்தது ஒரே ஒரு விஷயம்: முதன்மை அட்டவணையில் ஒரு வரி என்றால் எதைக் குறிக்கும்? ஒரு தோட்டக்காரரின் ஒரு நாளா? ஒரு பேரலா? ஒரு சீட்டா? சிலர் ஒரே நாளில் இரண்டு முறை பால் கொண்டுவருவார்கள், இரண்டின் டி.ஆர்.சி.யும் வேறாக இருக்கும். அதனால் 'ஒரு முறை நிறுத்தல் ஒரு வரி' என்று முடிவு செய்தோம். இதைத் தெளிவாக முடிவு செய்யாமல் அட்டவணை கட்டினால் பின்னால் ஒவ்வொரு கூட்டல் கணக்கிலும் சந்தேகம் வரும். அரை நாள் உட்கார்ந்து பேசியதில் எனக்கு வருத்தமே இல்லை.

அந்த வரியில் இருந்தவை: தோட்டக்காரர் எண், மையம், வாங்கிய தேதி, பணம் கொடுத்த தேதி தனியாக, பேரல் கழித்த எடை, டி.ஆர்.சி., அன்றைய விலை, தொகை. திருத்தம் வந்தால் பழைய வரியை அழிக்க மாட்டோம். வித்தியாசத்தைத் தனி வரியாகப் போட்டு, எந்தச் சீட்டுக்கான திருத்தம் என்று எழுதுவோம். இரவு பதினொரு மணிக்கு ஏரியிலிருந்து அன்றைய சீட்டுகள் கிடங்குக்குள் ஏறும். பேரல் எடை இல்லாத சீட்டும், டி.ஆர்.சி. 15-க்குக் கீழோ 50-க்கு மேலோ உள்ள சீட்டும் வாசலிலேயே நிறுத்தப்பட்டு, மறுநாள் காலை ஆள் பார்த்த பிறகுதான் உள்ளே போகும்.

மே மாதக் கணக்கு ஜூன் முதல் தேதி காலையில் ஒரே எண்ணாக வந்தது. கணக்காளர் தன் கைக்கணக்கோடு ஒத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார்.

அப்படியானால் ஏரி எதற்கு என்று முதலாளி மறுபடி கேட்டார். அவருக்குப் புரிய வைத்தது என் விளக்கம் இல்லை, ஸ்மோக் ஹவுஸில் இருபது வருடம் வேலை பார்த்த மேஸ்திரி. "பாலில் ஆசிட் விட்டு ஷீட் அடிச்சாச்சுன்னா அது ஷீட்டுதான் முதலாளி. கையுறைக் கம்பெனிக்குப் பால் வேணும்னு நாளைக்கு ஒருத்தன் வந்தா ஷீட்டைக் கரைச்சுக் கொடுக்க முடியுமா?" கிடங்கில் ஏறுவது ஷீட் போல. அடுக்கலாம், எண்ணலாம், தரம் பிரிக்கலாம். ஆனால் ஏறும்போது எதையெல்லாம் விட்டுவிட்டோமோ அது திரும்பக் கிடைக்காது. மாதம் சில பத்து ரூபாய்க்குப் பாலைப் பாலாகவே வைத்துக்கொள்ளலாம் என்றால் வைத்துக்கொள்வோம் என்று முடிவானது. அம்மோனியா விடாத பால் தானாக உறைந்து நாறும் என்பதையும் மேஸ்திரி அன்றைக்கே சொன்னார். அதன் பொருள் எனக்கு ஜூலையில்தான் உறைத்தது.

ஜூலையில் வந்த புகார்

ஜூலை முதல் வாரம், மலையோரத்தில் உள்ள மூன்றாம் மையத்துத் தோட்டக்காரர் ஒருவர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். ஒன்றரை மாதச் சீட்டுகளை ரப்பர் வளையம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். "சாரே, எனக்க மரம் அதே மரம்தான். வெட்டுற ஆளும் மாறல்ல. பாலு மட்டும் எப்பிடி மெலிஞ்சு போகும்?" என்று கேட்டார்.

மேலாளர் கிடங்கு அறிக்கையைத் திறந்து காட்டினார். ஜூனில் ஐந்து மையத்திலும் டி.ஆர்.சி. இறங்கியிருந்தது. தென்மேற்குப் பருவமழை, மரத்தில் பால் வடியும் கப்பில் மழைத் தண்ணீர் விழுந்தால் பால் மெலியும். மற்ற நான்கு மையங்களில் சராசரியாக ஒரு சதவீதப் புள்ளி இறக்கம். மூன்றாம் மையத்தில் 2.8. "உங்க பக்கம் மழை ஜாஸ்தி அண்ணாச்சி" என்றார் மேலாளர். மலையோரம் என்பதால் அதில் நியாயம் இருப்பது போலத்தான் தெரிந்தது.

அவர் விடவில்லை. "மரத்துக்கு மழைத்தடுப்பு பிளாஸ்டிக் கட்டியிருக்கேன் சாரே. வந்து பாருங்க." ஏழெட்டுப் பேர் இதே குறையோடு இருக்கிறார்கள் என்றும், வேறு வியாபாரியிடம் போகப் பேச்சு நடக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

கிடங்கு காட்டிய எண் பொய் இல்லை. சீட்டில் எழுதிய டி.ஆர்.சி. உண்மையாகவே இறங்கியிருந்தது. ஆனால் பால் மெலிந்ததா, அளவு தப்பியதா என்று பிரித்துச் சொல்ல அதனால் முடியாது. ஏனென்றால் டி.ஆர்.சி.யை ஒரு முடிந்த எண்ணாக மட்டுமே உள்ளே ஏற்றியிருந்தோம். அது எப்படி வந்தது என்று கேட்கக்கூடும் என ஏப்ரலில் எங்களுக்குத் தோன்றவில்லை. கணக்குக்கு வேண்டியது ஏறியது. மற்றது வெளியே நின்றது.

இன்னொரு வழியும் யோசித்தோம். டி.ஆர்.சி. குறைத்து எழுதப்பட்டிருந்தால், பணம் கொடுத்ததைவிட அதிகமாக ஷீட் கிடைத்திருக்க வேண்டுமே? உண்மைதான். ஆனால் ஐந்து மையத்துப் பாலும் ஒரே தொட்டியில் கலக்கிறது. ஒரு மையத்தில் ஐந்து சதவீதப் பிழை என்றால் மொத்தத்தில் ஒரு சதவீதம். ஷீட்டில் நிற்கும் ஈரமே அந்த அளவுக்கு முன்னே பின்னே இருக்கும். அந்த வழி அங்கேயே அடைந்தது.

ஏரிக்குத் திரும்பியது

ஏரியில் கிடந்த ஒரு சீட்டின் கோப்பு இப்படி இருக்கும்:

```json
{"slip":"3-0714-022","grower":"G118",
 "gross_kg":44.6,"tare_kg":4.2,
 "dil_reading":11.4,"drc":34.2,"sample":"3/14"}
```

கடைசி வரியில் இரண்டு விவரம் கிடங்குக்கு ஏறாதவை. `dil_reading` என்பது தண்ணீர் கலந்த பாலில் மெட்ரோலாக் காட்டிய அளவு. `sample` என்பது அந்தச் சீட்டுப் பாலிலிருந்து ஆய்வகத்துக்கு மாதிரி எடுத்திருந்தால் அதன் எண். ஆய்வகப் பதிவேடும் ஏரியிலேயே இருந்தது. ஆக, ஒரே பாலுக்கு மையம் சொன்ன டி.ஆர்.சி.யும் ஆய்வகம் சொன்ன டி.ஆர்.சி.யும் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தன. பால் மெலிந்திருந்தால் இரண்டுமே இறங்க வேண்டும். அளவு தப்பியிருந்தால் மையத்து எண் மட்டும் இறங்கியிருக்கும்.

டக்டிபி என்ற சிறு கருவி கோப்புகளை அப்படியே அட்டவணை போலப் படிக்கும். எதையும் எங்கேயும் ஏற்ற வேண்டாம். சீட்டுகளை மையம், வாரத்தோடு slips என்றும் ஆய்வகப் பதிவேட்டை lab என்றும் பெயரிட்டு, இரண்டிலும் மாதிரி எண்ணை sample_no என்று வைத்துக்கொண்டால் கேள்வி இவ்வளவுதான்:

```sql
SELECT s.centre, s.week,
       AVG(l.lab_drc - s.drc) AS gap
FROM slips s JOIN lab l USING (sample_no)
GROUP BY ALL ORDER BY 1, 2;
```

எழுத ஐந்து நிமிடம். விடை வர ஒன்பது நாள். மாதிரி எண்ணை ஒரு மையம் '3/14' என்று எழுதியது, ஆய்வகம் 'சி3-14' என்று எழுதியது, ஒரு பொறுப்பாளர் வெறும் '14' என்று எழுதினார். மாதம் மாறினால் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குமா தொடராதா என்பதும் ஆளுக்கு ஆள் மாறியது. தேதியையும் எடையையும் வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். சில இடங்களில் கைச்சீட்டின் படத்தைப் பெரிதாக்கி எண்ணைப் படித்தேன். ஏப்ரல் முதல் ஜூலை நடு வரை 160 மாதிரிகளில் 112 பொருந்தின. மேஸ்திரி சொன்ன அம்மோனியா இதுதான்: எது என்ன, என்ன அலகு, யார் எழுதியது என்ற குறிப்பு. அது இல்லாமல் போட்டு வைத்த தரவு கெட்டுப் போகாமல் இருக்கும் என்று நினைத்தது என் தவறு.

விடை வந்தபோது சந்தேகத்துக்கு இடமில்லை. நான்கு மையங்களில், மழைக்கு முன்பும் மழையிலும், ஆய்வகத்துக்கும் மெட்ரோலாக்குக்கும் உள்ள இடைவெளி அரைப் புள்ளிக்குள் ஆடியது. மூன்றாம் மையத்தில் மே மாதம் நான்காம் வாரம் வரை பொருந்திய 14 மாதிரிகளின் சராசரி இடைவெளி 0.2. அதற்குப் பிந்தைய ஒன்பது மாதிரிகளில் 1.9. மெதுவாக ஏறவில்லை, ஒரே வாரத்தில் படி ஏறியது போல் இருந்தது. மழை அப்படிச் செய்யாது. ஏதோ ஒரு பொருள் மாறியிருக்க வேண்டும்.

ஒன்பது மாதிரியை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. போய்ப் பார்க்க அது போதும்.

மையத்தில் பார்த்தது

மறுநாள் காலை ஆய்வகத்து அளவுக் குழாயை எடுத்துக்கொண்டு போனோம். மையத்தில் பால் அளக்கும் அக்கா எப்போதும் செய்வது போலச் செய்து காட்டினார். ஒரு எவர்சில்வர் டம்ளரில் பால் எடுத்து வாளியில் ஊற்றினார். பிறகு 400 மில்லி பிளாஸ்டிக் ஜக்கில் கோடு வரை தண்ணீர் பிடித்து ஊற்றினார். கலக்கி, நுரை அடங்கவிட்டு, மெட்ரோலாக்கை விட்டார். கை பழகிய, பிசிறில்லாத வேலை.

டம்ளரின் உட்புறம் ஆணியால் கீறிய ஒரு கோடு இருந்தது. பழைய 200 மில்லி கண்ணாடிக் கப்பு மே கடைசியில் உடைந்துபோனதால், வீட்டு டம்ளரில் கண்ணளவாகக் கோடு போட்டு வைத்திருக்கிறார். "அதே அளவுதான்னு நெனச்சேன் சார், தப்பா ஆயிட்டா?" என்று கேட்டார். கோடு வரை தண்ணீர் நிரப்பி அளவுக் குழாயில் ஊற்றிப் பார்த்தோம். 185 மில்லி.

200 மில்லி பாலுக்கு 400 மில்லி தண்ணீர் என்றால் கலவையில் பால் மூன்றில் ஒரு பங்கு. மூன்றால் பெருக்கினால் சரியாக வரும். 185-க்கு 400 என்றால் பால் 585-இல் 185. உண்மையில் 36 சதவீதம் உள்ள பால், மூன்றால் பெருக்கிய பிறகு 34.15 ஆகத்தான் தெரியும். தண்ணீரையும் அதே டம்ளரால் இரண்டு முறை அளந்திருந்தால் டம்ளர் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பிழை வந்திருக்காது. ஜக் தனியாக இருந்ததுதான் வினையாகிவிட்டது.

புகார் சொன்னவரின் சீட்டு ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தோம். 40.4 கிலோ பால், டி.ஆர்.சி. 34.2, ஆக 13.82 கிலோ உலர் ரப்பர். கிலோ 150 ரூபாய் வீதம் 2,073 ரூபாய் கொடுத்திருக்கிறோம். 585-ஐ 555-ஆல் வகுத்து வரும் 1.054-ஆல் டி.ஆர்.சி.யைப் பெருக்கினால் 36.05. அதன்படி 14.56 கிலோ, 2,185 ரூபாய். ஒரே சீட்டில் 112 ரூபாய் குறைவு. ஒன்றுவிட்டொரு நாள் பால் வெட்டுகிற சிறு தோட்டக்காரருக்கு ஏழு வாரத்தில் அது சின்னத் தொகை இல்லை.

எடுத்த நடவடிக்கை

அந்த மையத்தின் 43 தோட்டக்காரர்களுக்கும் ஏழு வார வித்தியாசத்தைக் கொடுப்பது என்று முதலாளி அன்றைக்கே முடிவு செய்தார். இங்கே கிடங்கு தன் வேலையைச் செய்தது. யார் யாருக்கு, எந்தச் சீட்டுக்கு, எந்த விலையில் என்பதெல்லாம் ஒழுங்காக அதில் இருந்ததால் திருத்த வரிகளை ஒரே பிற்பகலில் போட்டு முடித்தோம். பழைய வரி ஒன்றையும் தொடவில்லை. மொத்தம் சுமார் 87,000 ரூபாய். இதே கணக்கை ஏரியில் போட்டிருந்தால், திருத்திய சீட்டுகள் இரட்டிப்பாகி, யாருக்காவது இரண்டு முறை கொடுத்திருப்போம்.

தேதியில் ஒரு தயக்கம் இருந்தது. கப்பு உடைந்த நாள் அக்காவுக்குச் சரியாக நினைவில்லை. மாதிரிகள் வாரம் இரண்டுதான் என்பதால் அவற்றாலும் நாளைச் சொல்ல முடியவில்லை. கடைசியாகச் சரியாக இருந்த மாதிரிக்கு மறுநாளிலிருந்தே பிழை என்று எடுத்துக்கொண்டோம். நிறுவனத்துக்கு இரண்டு மூன்று நாள் நஷ்டம் இருக்கலாம். சந்தேகத்தின் பலன் பால் கொண்டுவந்தவருக்குப் போவதுதான் முறை என்று எனக்கும் பட்டது.

அக்கா மேல் நடவடிக்கை எதுவும் இல்லை. உடைந்த கப்புக்கு மாற்றுக் கப்பு அனுப்பும் ஏற்பாடே நிறுவனத்தில் இல்லாதபோது அவரைக் கேட்க என்ன இருக்கிறது? ஐந்து மையத்துக்கும் ஒரே அளவுக் கப்பு இரண்டிரண்டாக வாங்கிக் கொடுத்தார்கள். பாலையும் தண்ணீரையும் ஒரே கப்பால்தான் அளக்க வேண்டும் என்றும் முறை மாறியது.

தரவுப் பக்கத்தில், ஆய்வக மாதிரிகளுக்குக் கிடங்கில் தனி அட்டவணை கட்டினோம். மாதிரி எண்ணை இனி யாரும் எழுதுவதில்லை; டேப்லெட் சீட்டு எண்ணையே ஸ்டிக்கராக அச்சடித்துக் கொடுக்கிறது, அது புட்டியில் ஒட்டி ஆய்வகம் போகிறது. மையவாரியான இடைவெளி திங்கள் காலை அறிக்கையில் வருகிறது. தொடர்ந்து மூன்று மாதிரிகள் ஒரே பக்கமாக ஒரு புள்ளிக்கு மேல் விலகினால் அன்றைக்கே ஆள் போகிறார்.

ஒரு கேள்வி ஒரு முறை வரும்போது ஏரியில் தேடலாம். அதே கேள்வி வாராவாரம் வரும் என்று தெரிந்த பிறகும் ஏரியிலேயே தேடிக்கொண்டிருந்தால் ஒன்பது நாள் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். அதனால்தான் இடம் மாற்றினோம். வெப்பநிலைப் பதிவும் வண்டி ஓட்டமும் இன்னும் ஏரியில்தான் இருக்கின்றன. அவற்றைப் பற்றி யாரும் இன்னும் எதுவும் கேட்கவில்லை. அவற்றுக்கு இப்போதே அட்டவணை கட்டச் சொன்னால் நான் மறுப்பேன். எந்தக் கேள்விக்கு என்று தெரியாமல் கட்டும் அட்டவணையில் தேவையானதுதான் முதலில் விடுபடும்.

மறுபடி செய்தால்

ஏரியில் முதல் கோப்பு விழுந்த நாளிலேயே ஒவ்வொரு அடைவிலும், அதாவது கோப்புறையிலும், ஒரு சிறு குறிப்புக் கோப்பு வைப்பேன். பத்து வரி போதும்: இது எங்கிருந்து வருகிறது, ஒவ்வொரு தலைப்பும் எதைக் குறிக்கிறது, எடை என்றால் பேரல் கழித்ததா கழிக்காததா, எண் வரிசை எப்போது புதுப்பிக்கும், கேட்க வேண்டிய ஆள் யார். இப்போது 14 அடைவுகளிலும் அது இருக்கிறது. குறிப்பு இல்லாத அடைவில் கோப்பு போட முடியாதபடி செய்திருக்கிறோம்.

கிடங்கைப் பொறுத்தவரை, பணத்தைத் தீர்மானிக்கிற எண் எதுவானாலும் அது வந்த வழியையும் கூடவே ஏற்றுவேன். டி.ஆர்.சி. மட்டும் போதாது, தண்ணீர் கலந்த அளவும் வேண்டும், எந்தக் கப்பு, எந்த மெட்ரோலாக் என்ற எண்ணும் வேண்டும். இப்போது கப்புகளுக்கு எண் போட்டிருக்கிறார்கள். கப்பு மாறினால் டேப்லெட்டில் புது எண் போட்டால்தான் அடுத்த சீட்டு எழுதும்.

வாசலில் வைத்த 15 முதல் 50 வரையான எல்லையையும் மாற்றியிருக்கிறோம். தட்டச்சுப் பிழையைப் பிடிக்க அது உதவும். 36 இருக்க வேண்டிய இடத்தில் 34 வந்தால் அது கண்டுகொள்ளாது. இப்போது ஒவ்வொரு தோட்டக்காரரின் கடைசி இருபது சீட்டோடு ஒப்பிடுகிறோம். மழைக்காலத்தில் அது தேவையில்லாமல் அடிக்கடி எச்சரிக்கிறது, பொறுப்பாளர்கள் முணுமுணுக்கிறார்கள். அளவைத் தளர்த்துவதா என்ற பேச்சு இன்னும் முடியவில்லை.

புகார் சொல்ல வந்தவர் தன் வித்தியாசத் தொகையை வாங்கிக்கொண்ட பிறகு இன்னொன்று கேட்டார். 2022 நவம்பரிலும் இரண்டு வாரம் தன் டி.ஆர்.சி. இதே மாதிரி இறங்கியதாகவும், அதையும் பார்க்க முடியுமா என்றும். பார்த்தேன். அந்தக் காலச் சீட்டுகள் ஏரியில் இருக்கின்றன, ஆய்வகப் பதிவேடும் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வாரமும் மாதிரி எண்ணை ஆய்வகத்தில் எழுதவே இல்லை, தேதி மட்டும்தான். ஒரே நாளில் ஐந்து மையத்திலிருந்தும் மாதிரி வந்திருக்கிறது, எது யாருடையது என்று பிரிக்க வழியில்லை. அவரிடம் அதை நேரில் போய்ச் சொன்னேன்.